மார்ச் 31-ல் முதல் கணக்கு ஒத்துவரவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

தனி ஆளாகக் கடை நடத்துபவர் போட்ட பணத்தைக் காட்டும் முதல் கணக்கில் ஆண்டு முடிவில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவற்றை ஒரே ஒரு எண்ணை வைத்துப் பிரித்துவிடலாம். அது இறுதி முதல், அதாவது மார்ச் 31 அன்று முதல் கணக்கில் நிற்கும் நிகரத் தொகை. முதல் மீது வட்டி போட்டாலும் போடாவிட்டாலும் இந்த எண் மாறக் கூடாது. வட்டி லாபத்தைக் குறைக்கிறது, அதே தொகை முதலில் கூடுகிறது, இரண்டும் ஒரே ஆளுடையது. எடுப்பு என்பது உரிமையாளர் தன் சொந்தத்துக்குக் கடையிலிருந்து எடுப்பது. அதன் மீது வட்டியும் அப்படியே, திசை மட்டும் நேர்மாறு. எனவே வட்டிப் பதிவுகளைப் போட்டபின் இறுதி முதல் ஒரு ரூபாய் நகர்ந்திருந்தாலும் பதிவின் ஒரு கால், பற்றோ வரவோ, எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. நகராத எண் எல்லாம் சரியான எண் ஆகிவிடாது. கீழே அதற்கும் வருவோம்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு

ஈரோட்டில் போர்வை, துண்டு மொத்த வியாபாரம். சரக்கு சென்னிமலையிலிருந்து வருகிறது. உரிமையாளர் ஒருவர்தான், பங்குதாரர் இல்லை. ஆண்டு 2024-25.

1-4-2024 அன்று முதல் 12,00,000 ரூபாய். அக்டோபர் 1-ல் தன் சொந்தப் பணம் 2,00,000 போட்டார். மாதாமாதம் முதல் தேதி வீட்டுச் செலவுக்கு 15,000 எடுத்தார், ஆண்டுக்கு 1,80,000. இது எடுப்புக் கணக்கில் ஒழுங்காக இருக்கிறது. அக்டோபர் 1-ல் தன் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் 24,000 கடை பேங்க் கணக்கிலிருந்து போனது. அது கடை இன்சூரன்ஸ் செலவில் ஏறிவிட்டது. பிப்ரவரி 1-ல் வீட்டுக் கல்யாணத்துக்கு 20,000 ரூபாய் அடக்கவிலையுள்ள போர்வைகளைக் கடையிலிருந்து எடுத்தார், அதற்குப் பதிவே இல்லை. அந்தப் போர்வைகளைக் கொள்முதல் செய்தபோது கட்டிய 5% ஜிஎஸ்டி, அதாவது 1,000 ரூபாய், உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. இருப்புச் சரக்கைக் கடையில் கையால் எண்ணி மதிப்பிட்டார்கள்.

இந்த நிலையில் புத்தகம் காட்டும் லாபம் 3,50,000. முதல் மீதும் எடுப்பு மீதும் ஆண்டுக்கு 6% வட்டி என்று வைத்திருக்கிறார்கள்.

முதலில் வட்டியைத் தொடாமல் லாபத்தைத் திருத்த வேண்டும். பிரீமியம் கடைச் செலவு அல்ல, 24,000 லாபத்தில் திரும்பச் சேரும். கல்யாணத்துக்குப் போன சரக்கு விற்கப்படவில்லை, ஆனால் அதன் அடக்கம் விற்ற சரக்கின் அடக்கத்தோடு கலந்து நிற்கிறது. கொள்முதலில் 20,000 குறைத்தால் லாபம் அதே அளவு கூடும். ஆக, வட்டிக்கு முந்தைய உண்மையான லாபம் 3,94,000. எடுப்பு மொத்தம் 1,80,000, 24,000, பிறகு சரக்கும் வரியும் சேர்ந்து 21,000, ஆக 2,25,000.

முதல் மீது வட்டி: 12,00,000-க்கு முழு ஆண்டு 72,000, 2,00,000-க்கு ஆறு மாதம் 6,000, மொத்தம் 78,000. எடுப்பு மீது வட்டி: மாதத் தொடக்கத்தில் சம தொகையாக எடுப்பதற்குச் சராசரிக் காலம் 6½ மாதம், எனவே 1,80,000-க்கு 5,850. பிரீமியத்துக்கு ஆறு மாதம் 720. சரக்குக்கு இரண்டு மாதம் 210. மொத்தம் 6,780.

வட்டிகளுக்குப் பிந்தைய நிகர லாபம் 3,94,000 − 78,000 + 6,780 = 3,22,780. முதல் கணக்கு இப்படி முடியும்:

| விவரம் | ரூபாய் |
|---|---|
| ஆரம்ப முதல் | 12,00,000 |
| கூடுதல் முதல் | 2,00,000 |
| முதல் மீது வட்டி | 78,000 |
| நிகர லாபம் | 3,22,780 |
| கூட்டல் | 18,00,780 |
| கழிக்க: எடுப்பு | 2,25,000 |
| கழிக்க: எடுப்பு மீது வட்டி | 6,780 |
| இறுதி முதல் | 15,69,000 |

வட்டியே இல்லாமல் சரிபார்க்க: 14,00,000 + 3,94,000 − 2,25,000 = 15,69,000. ஒத்துப்போகிறது.

அறிகுறி: கையால் அல்லது எக்செலில் போட்ட பேலன்ஸ் ஷீட் சேரவில்லை

வித்தியாசத் தொகையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் கூடுதல் என்பதையும் குறியுங்கள். தொகை எந்தப் பதிவு என்று சொல்லும், திசை எந்தக் கால் என்று சொல்லும்.

பொறுப்புப் பக்கம் 78,000 குறைவாக இருந்தால், வட்டி லாப நட்டக் கணக்கில் செலவாக ஏறிவிட்டது, முதலில் கூட்ட மறந்துவிட்டார்கள். 78,000 கூடுதல் என்றால் அதற்கு நேர்மாறு, முதலில் கூட்டியாயிற்று, செலவில் ஏற்றவில்லை. வித்தியாசம் 78,000-ன் இரட்டிப்பான 1,56,000 என்றால், வட்டி லாப நட்டக் கணக்கில் தவறான பக்கம் போயிருக்கிறது. செலவாக வராமல் வருமானமாக வந்து, முதலிலும் கூடியிருக்கிறது.

எடுப்புக்கும் இதே கணக்குதான். எடுப்பைக் கழிப்பதற்குப் பதில் கூட்டினால் 4,50,000 கூடுதல் வரும். எடுப்பு மீது வட்டியைக் கழிக்காமல் கூட்டினால் 13,560. வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பார்க்கும் பழக்கம் நம் குமாஸ்தாக்களிடம் எப்போதும் உண்டு. அது பயன்படுவது இங்கேதான்.

பலரைச் சுற்ற வைக்கும் எண் 71,220. எந்தப் பதிவிலும் இந்தத் தொகை இருக்காது. இது 78,000-லிருந்து 6,780 போனது. பொறுப்புப் பக்கம் இவ்வளவு கூடினால், வட்டிக்கு முந்தைய லாபமான 3,94,000-ஐ முதலுக்குக் கொண்டுபோய், அதன்மேல் இரண்டு வட்டிகளையும் போட்டிருக்கிறார்கள். லாப நட்டக் கணக்கின் கடைசி வரியை எடுக்காமல், நடுவில் இருந்த ஒரு கூட்டல் வரியை எடுத்ததுதான் காரணம். எக்செல் தாளில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் லாபக் கட்டத்துக்குச் சூத்திரம் கொடுத்தபின்தான் வட்டி வரிகளை அதற்குக் கீழே நுழைக்கிறார்கள்.

இன்னொரு வகை உண்டு. இருப்பாய்விலேயே முதல் மீது வட்டி பற்றுப் பக்கம் 78,000 என்று இருக்கிறது. அப்படியானால் அதன் வரவுக் கால் ஏற்கெனவே முதலில் ஏறிவிட்டது, இருப்பாய்வில் காணும் முதலே வட்டியோடு சேர்ந்ததுதான். அதை லாப நட்டக் கணக்குக்கு மட்டும் கொண்டுபோக வேண்டும். மறுபடி முதலில் கூட்டினால் 78,000 கூடும். இருப்பாய்வுக்கு வெளியே குறிப்பாகக் கொடுக்கப்பட்டது மட்டுமே இரண்டு இடத்துக்கும் போகும்.

அறிகுறி: மென்பொருளில் எல்லாம் சேருகிறது, ஆனால் முதல் போன ஆண்டு இருந்தபடியே நிற்கிறது

டேலி போன்ற கணக்கு மென்பொருளில் பேலன்ஸ் ஷீட் சேராமல் இருக்கவே வழியில்லை, ஒவ்வொரு வவுச்சரும் இரு பக்கமும் சமமாகத்தான் ஏறும். அதனால் சேருகிறது என்பது அங்கே எதற்கும் சான்று ஆகாது. பேலன்ஸ் ஷீட்டில் `Capital Account` ஒரு வரி, `Profit & Loss A/c` தனியாக இன்னொரு வரி என்று நின்றால், லாபம் இன்னும் முதலுக்கு மாற்றப்படவில்லை. மென்பொருள் இதைத் தானாகச் செய்யாது. F7 அழுத்தி ஜர்னல் வவுச்சரில் நாம்தான் போட வேண்டும்.

வரிசை முக்கியம். எடுப்புத் திருத்தங்கள் முதலில், பிறகு இரண்டு வட்டிகள், அதன்பின் லாப மாற்றம், கடைசியில் எடுப்புக் கணக்கை முடிப்பது. நம் கணக்கில் 31-3-2025 தேதியிட்டு:

```
Dr Interest on Capital      78,000
   Cr Capital A/c           78,000

Dr Drawings                  6,780
   Cr Interest on Drawings   6,780

Dr Profit & Loss A/c      3,22,780
   Cr Capital A/c         3,22,780

Dr Capital A/c            2,31,780
   Cr Drawings            2,31,780
```

`Interest on Capital` லெட்ஜர் `Indirect Expenses` குழுவிலும், `Interest on Drawings` லெட்ஜர் `Indirect Incomes` குழுவிலும் இருக்க வேண்டும். முதல் வட்டி லெட்ஜரைத் தவறுதலாக `Capital Account` குழுவின் கீழ் திறந்துவிட்டால், பற்றும் வரவும் அதே குழுவுக்குள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். லாபம் குறையாது, முதலும் கூடாது. வவுச்சர் கண்ணுக்குத் தெரியும், விளைவு தெரியாது. பதிவு போட்டும் லாபம் 78,000 இறங்கவில்லை என்றால் முதலில் லெட்ஜரின் குழுவைத் திறந்து பாருங்கள்.

லாப மாற்றம் போட்டபின்னும் `Profit & Loss A/c` வரியில் சில ஆயிரங்கள் எஞ்சி நின்றால், மாற்றிய பிறகு யாரோ அந்த ஆண்டில் ஒரு பதிவைத் திருத்தியிருக்கிறார்கள். ஆடிட்டர் தேய்மானத்தை மாற்றியிருக்கலாம், விட்டுப்போன பில் ஒன்று ஏறியிருக்கலாம். எஞ்சிய தொகைக்குத் தனியாக இன்னொரு ஜர்னல் போடாமல், பழைய மாற்றப் பதிவையே திறந்து தொகையைத் திருத்துவது நல்லது. அடுத்த ஆண்டு பார்ப்பவருக்கு ஒரே தொகை தெரியும்.

மாற்றவே இல்லையென்றால் சேதம் அடுத்த ஆண்டுதான் தெரியும். முதல் கணக்கு 14,78,000 என்று நிற்கும், அதாவது ஆரம்ப முதலும் கூடுதல் முதலும் வட்டியும் மட்டும். அதற்கு 6% போட்டால் 88,680. உண்மையில் 15,69,000-க்கு 94,140 வர வேண்டும். எடுப்புக் கணக்கிலும் பழைய 2,31,780 அப்படியே கிடக்கும். அதையும் சேர்த்து எடுப்பு வட்டி போடுவார்கள், தவறு இரண்டு பக்கமும் வளரும்.

அறிகுறி: இறுதி முதல் சரி, லாபம் மட்டும் போன ஆண்டைவிடக் காரணமில்லாமல் குறைவு

மேலே சொன்ன ஆபத்து இதுதான். நம் கணக்கைத் திருத்தாமல் விட்டால் இறுதி முதல் என்ன வரும்? 14,00,000 + 3,50,000 − 1,80,000 = 15,70,000. திருத்தியபின் 15,69,000. லாபத்தில் 44,000 பிழை, எடுப்பில் 45,000 பிழை, ஆனால் முதலில் தெரிவது வெறும் 1,000. சொந்தச் செலவு கடைச் செலவில் கலந்தால் லாபமும் எடுப்பும் ஒரே அளவு குறைகின்றன, முதல் அசைவதில்லை. அதனால் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது. செலவு லெட்ஜர்களைத் திறந்துதான் தேட வேண்டும்.

தேட வேண்டிய இடங்கள் அதிகம் இல்லை. இன்சூரன்ஸ் லெட்ஜரில் ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு. கரண்ட் பில்லில் வீட்டு இணைப்பு எண். வரிகள் என்ற லெட்ஜரில் உரிமையாளர் கட்டிய முன்கூட்டிய வருமான வரி. தன் வருமானத்துக்குக் கட்டும் வரி கடையின் செலவு அல்ல, எடுப்புதான். பெட்ரோல், போன் போல இரண்டுக்கும் பொதுவானவற்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றினால் போதும். அந்தப் பங்கை ஆண்டுக்கு ஆண்டு மாற்றாதீர்கள்.

அந்த 1,000 ரூபாய் ஏன் நகர்ந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. சொந்த உபயோகத்துக்குப் போன சரக்குக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது, எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். `GSTR-3B`-ல் அது `4(B)(1)` கட்டத்தில் போகும். கடைக்கு இருந்த ஒரு சொத்து குறைந்தது, அதனால் முதலும் குறைந்தது. பதிவு: `Drawings` பற்று 21,000, `Purchases` வரவு 20,000, உள்ளீட்டு வரி லெட்ஜர்கள் வரவு 1,000. சென்னிமலை தமிழ்நாட்டுக்குள் என்பதால் அந்த 1,000 மத்திய வரி 500, மாநில வரி 500 என்று பிரிந்திருக்கும்.

சரக்கை அடக்கவிலையில்தான் எடுக்க வேண்டும். விற்கும் விலை 26,000 என்று போட்டால், கடை தன் முதலாளிக்கே விற்று 6,000 சம்பாதித்ததாகக் காட்டும்.

அறிகுறி: சரக்கு எடுப்பைப் பதிவு செய்தபின்னும் இறுதி முதல் 20,000 மிகையாக நிற்கிறது

சரக்கு எடுப்பும் வட்டியைப் போலத்தான், வரியைத் தவிர முதலை நகர்த்தக் கூடாது. பதிவுக்குப் பின்னும் முதல் மிகையாக நின்றால் இருப்புச் சரக்கைப் பாருங்கள். கையால் எண்ணியிருந்தால் கல்யாணத்துக்குப் போன போர்வை எண்ணிக்கையில் இருக்காது, பிரச்சினை வராது. மென்பொருளின் சரக்கு மதிப்பை அப்படியே எடுத்திருந்தால், ஜர்னலில் கொள்முதலைக் குறைத்தது சரக்கு எண்ணிக்கையைக் குறைத்திருக்காது. போர்வை அங்கே இன்னும் இருப்பில் கிடக்கிறது. கொள்முதலும் குறைந்து, இறுதிச் சரக்கும் குறையாமல் நின்றால் லாபம் 20,000 மிகையாகும், இறுதி முதல் 15,89,000 என்று வரும். உருப்படியின் எண்ணிக்கையையும் தனியாகக் குறைத்தால்தான் சரியாகும். குடோனில் எண்ணியதையும் திரையில் உள்ளதையும் ஒப்பிட்டால் எத்தனை உருப்படி என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: வட்டித் தொகை கையால் போட்டதோடு ஒத்துவரவில்லை

மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, கூடுதல் முதலுக்கு முழு ஆண்டு வட்டி போட்டது. 2,00,000-க்கு 12,000 வந்துவிடும், மொத்தம் 84,000. இரண்டு, இறுதி முதலுக்கு வட்டி போட்டது. இந்த ஆண்டு லாபம் மார்ச் 31-ல்தான் முதலில் சேருகிறது, அதற்கு இந்த ஆண்டு வட்டி கிடையாது. வட்டி, லாபம் எதையும் இன்னும் முதலில் சேர்க்காமல் எடுப்பை மட்டும் கழித்த முதல்தான் கையில் இருக்கிறது என்றால், ஆண்டுக்குள் எடுத்ததைத் திரும்பக் கூட்டி, ஆண்டுக்குள் போட்டதைக் கழித்து ஆரம்ப முதலைப் பிடியுங்கள்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. சிலர் முதலின் அவ்வப்போதைய நிகர இருப்புக்கு, அதாவது எடுப்பு எடுக்க எடுக்கக் குறையும் தொகைக்கு வட்டி போடுகிறார்கள். அந்த முறையில் நம் கணக்குக்கு 71,220 வரும். 78,000-லிருந்து எடுப்பு வட்டியைக் கழித்தாலும் அதே 71,220. இரண்டு முறையும் ஒன்றுதான், எதையும் எடுத்துக்கொள்ளலாம். நிகர இருப்புக்கு வட்டி போட்டுவிட்டு, அதன்மேல் எடுப்பு வட்டியையும் பிடித்தால்தான் தவறு. அப்போது ஒரே எடுப்புக்கு இரண்டு முறை வட்டி பிடித்ததாகும். இறுதி முதல் இதைக் காட்டிக்கொடுக்காது, நிகர லாபம் 6,780 கூடுதலாக நிற்கும்.

எடுப்புக் கணக்கு திடீரென வரவு இருப்பு காட்டினால், உரிமையாளர் போட்ட 2,00,000 எடுப்பு லெட்ஜரில் வரவாக ஏறியிருக்கிறது. இறுதி முதல் மாறாது, அதற்கான வட்டி 6,000 விட்டுப்போகும். அதோடு இன்னொன்றையும் கேளுங்கள், அந்தப் பணம் உண்மையில் யாருடையது? மச்சானிடமோ பங்காளியிடமோ கைமாத்தாக வாங்கியது என்றால் அது முதல் அல்ல, கடன். அதை முதலில் வைத்தால் இறுதி முதல் நிஜமாகவே 2,00,000 மிகையாகும், இந்தப் பிழை பேலன்ஸ் ஷீட்டையே மாற்றிவிடும்.

அறிகுறி: ஆடிட்டர் போட்ட வருமானமும் புத்தக லாபமும் வேறு வேறு

"ஏனுங்க, எம்பணத்துக்கு நானே வட்டி குடுத்துட்டு அதைச் செலவுன்னு காட்டலாமுங்களா?" என்று கடைக்காரர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். வருமான வரிக்குக் காட்ட முடியாது. கடையும் அவரும் வரிச் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள், தனக்குத்தானே கொடுத்த வட்டி கழிவு ஆகாது. கூட்டு நிறுவனத்தில் பங்குதாரர் முதலுக்கு வட்டி வரம்புக்குட்பட்டுக் கழிக்கப்படுகிறதே என்று ஒப்பிடக் கூடாது, அந்த விதி தனியாள் வணிகருக்கு இல்லை. எனவே ஆடிட்டர் 3,22,780-ல் 78,000-ஐத் திரும்பக் கூட்டி, 6,780-ஐக் கழித்து 3,94,000 என்று கொண்டுவருவார். அதுவே நாம் வட்டிக்கு முன் கண்ட லாபம். அவருடைய எண் இதிலிருந்து 24,000 குறைந்தால் பிரீமியம் இன்னும் செலவில் இருக்கிறது, 20,000 குறைந்தால் சரக்கு எடுப்புப் பதிவு விட்டுப்போயிருக்கிறது, 6,780 கூடினால் எடுப்பு வட்டியை வருமானத்தில் அப்படியே விட்டிருக்கிறார்.

நட்டம் வந்த ஆண்டிலும் வட்டி போடலாம், நட்டம் அந்த அளவு கூடும், முதல் கணக்கில் வட்டி கூடும், அந்த நட்டம் கழியும், இறுதி முதல் மாறாது. முதலே பற்று இருப்புக்குப் போய்விட்டால் மட்டும் வட்டி போட எதுவும் மிஞ்சாது. அந்த நிலையில் 6% என்று ஒரு பதிவு இருந்தால், போன ஆண்டின் ஜர்னலை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.